ஜாமீன் கையெழுத்துப் போட்ட பிறகு ஆள் வாய்தாவுக்கு வராமல் போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏனுங்க, பத்திரத்துல பத்தாயிரம்னு போட்டிருக்குது, ஆனா கோர்ட்டுல பணம் எதுவும் கட்டச் சொல்லல. அப்ப நான் எதுக்குத்தான் பொறுப்பு?

அவர் வாய்தா தவறாமல் கோர்ட்டுக்கு வருவார் என்பதற்குத்தான். அவர் குற்றம் செய்யவில்லை என்றோ, இனிமேல் ஒழுங்காக இருப்பார் என்றோ நீங்கள் சொல்லவில்லை. 'கூப்பிடும் நாளில் வருவார், வராவிட்டால் நான் பத்தாயிரம் ரூபாய் அரசுக்குக் கட்டுகிறேன்' என்பதுதான் நீங்கள் எழுதிக் கொடுத்தது. வழக்கு முடியும் வரை ஒழுங்காக வந்துவிட்டால் அந்தப் பத்தாயிரம் காகிதத்தில் இருக்கும் எண்ணாகவே முடிந்துபோகும்.

கடைசியில் அவருக்குத் தண்டனை ஆகிவிட்டால் ஜாமீன்தாரர் மாட்டிக்கொள்வாரா என்றும் சிலர் பயப்படுகிறார்கள். தீர்ப்பு எப்படி வந்தாலும் அது உங்களைத் தொடாது. தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவது போன்ற நிபந்தனைகளும் அவருக்குப் போட்டவைதான். அவற்றை மீறினால் அவருடைய ஜாமீன் ரத்தாகலாம். உங்கள் பொறுப்பு நீங்கள் கையெழுத்திட்ட பத்திரத்தின் வாசகம் எதுவரை போகிறதோ அதுவரைதான். அதனால் பத்திரத்தில் ஒரு நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். பிற்பாடு எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் தேட வேண்டியது அந்தத் தாளைத்தான்.

நானும் எங்க பங்காளியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டோம். பணம் கட்டற மாதிரி வந்தா ஆளுக்கு அஞ்சாயிரம்தானுங்களே?

இல்லைங்க. ஜாமீன் உத்தரவை எடுத்துப் பாருங்கள். 'பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையும், அதே தொகைக்கு இரு நபர் ஜாமீனும்' என்கிற மாதிரி இருக்கும். அப்படியானால் எதிரி, அதாவது வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர், எழுதிக் கொடுத்தது ஒரு பத்தாயிரம், நீங்கள் எழுதிக் கொடுத்தது ஒரு பத்தாயிரம், பங்காளி எழுதிக் கொடுத்தது ஒரு பத்தாயிரம். ஒவ்வொன்றும் தனி. பங்காளி கட்டிவிட்டார் என்பதால் உங்கள் கணக்கு தீராது. அதே சமயம், நீங்கள் எழுதிக் கொடுத்த தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூட அபராதமாக உங்களிடம் கேட்க முடியாது.

ஸ்டேஷன்ல சார்ஜ் ஷீட் போட்டாச்சு. என் கையெழுத்து அத்தோட முடிஞ்சுதுன்னு சொல்றாங்களே?

தவறு. இதை நம்பித்தான் பலர் அந்த ஆளையே மறந்துவிடுகிறார்கள். கோர்ட் வேறு உத்தரவு போடும்வரை அவர் தொடர்ந்து ஆஜராக வேண்டும் என்பதுதான் ஜாமீன் பத்திரத்தின் நிபந்தனை. குற்றப்பத்திரிகை, சாட்சி விசாரணை, தீர்ப்பு என்று வழக்கு நான்கைந்து வருடம் இழுத்தால் உங்கள் கையெழுத்தும் அத்தனை வருடம் உயிரோடு இருக்கிறது. செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகக்கூடிய வழக்கென்றால் அங்கே ஆஜராவதையும் சேர்த்தே பத்திரம் எழுதப்படுவது உண்டு.

வீட்டு வரி ரசீது கொடுத்தேன். வீட்டு மேல ஏதாச்சும் விழுமா?

வழக்கமான ஜாமீன் பத்திரத்தால் வீடு அடமானம் ஆவதில்லை. இந்தத் தொகையைக் கட்டும் வசதி உங்களுக்கு இருக்கிறது என்று நீதிபதி நம்புவதற்கான ஆதாரம்தான் அந்த ரசீது. போட்டோ, இடது கைப் பெருவிரல் ரேகை, ஆதார் நகல் எல்லாம் வாங்குவது, கையெழுத்துப் போட்டவர் இன்னார்தான் என்று உறுதி செய்துகொள்ள. ஆனால் அபராதம் விதித்த பிறகும் கட்டாமல் விட்டால் உங்கள் சொத்தின் மேல் நடவடிக்கை வரலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்று. இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறீர்கள் என்று உறுதிமொழி வாங்குவார்கள். பழையதை மறைத்து 'இதுதான் முதல்' என்று எழுதாதீர்கள். அந்த உறுதிமொழி பொய்யென்றால் அதுவே தனி வழக்காகிவிடும்.

அவன் வாய்தாவுக்குப் போறானா இல்லையான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? கேட்டா 'போயிட்டுத்தான் இருக்கேன் மாமா'ங்கறான்.

அவர் சொல்வதை வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். வழக்குக்குக் கோர்ட்டில் CNR என்று 16 இலக்க எண் ஒன்று உண்டு. தமிழ்நாட்டு வழக்கென்றால் TN என்று தொடங்கும். கையெழுத்துப் போடும் நாளிலேயே அவருடைய வக்கீலிடமோ குமாஸ்தாவிடமோ குற்ற எண், எந்தக் கோர்ட் என்ற விவரங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு எண் விழுந்ததும் இந்த CNR எண்ணையும் கேட்டு வாங்குங்கள். eCourts Services என்ற செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று வரும். அங்கே NBW என்ற எழுத்துகளைப் பார்த்தால் பிடிவாரண்ட் பிறந்துவிட்டது என்று அர்த்தம். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். ஒருவர் ஓடிப்போனது ஜாமீன்தாரருக்கு ஒரு மாதத்தில் தெரிவதற்கும், எட்டு மாதம் கழித்து நோட்டீஸ் வந்து தெரிவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஒரு மாதத்தில் என்றால் அவருடைய போன் எண் பெரும்பாலும் வேலை செய்துகொண்டிருக்கும்.

ஒரு வாய்தா போகலீன்னா உடனே என்கிட்ட பணம் கேப்பாங்களா?

உடனே இல்லை. உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம் என்றால் அன்றைக்கு மட்டும் வராமல் இருக்க அவருடைய வக்கீல் மனுப் போடலாம். கோர்ட் வளாகத்தில் இன்னும் '317 போட்டாச்சா' என்றுதான் கேட்பார்கள். புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 355-வது பிரிவு. அந்த மனுவை ஏற்றுக்கொண்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது.

மனுவும் இல்லை, ஆளும் இல்லை என்றால் ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரண்ட் பிறக்கும். போலீஸ் தேடும். ஆள் கிடைக்காமல் வாய்தாக்கள் ஓடும். பத்திரத்தின் நிபந்தனை மீறப்பட்டது என்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட்டால், அதற்கான காரணத்தைப் பதிவு செய்துவிட்டு, 'அபராதத்தைக் கட்டுங்கள், அல்லது ஏன் கட்ட வேண்டியதில்லை என்று காரணம் காட்டுங்கள்' என்று ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் அனுப்புவார். இது 491-வது பிரிவு. 2024 ஜூலை 1-க்கு முந்தைய வழக்கென்றால் நோட்டீஸில் பழைய சட்டத்தின் 446 என்று இருக்கும். உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றேதான்.

காரணம் காட்ட வாய்ப்புக் கொடுக்காமல் நேராக அபராதம் போட முடியாது. குலாம் மெஹ்தி என்ற ஜாமீன்தாரரின் வழக்கில் 1960-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் வருகிற நோட்டீஸ் உங்களுக்கான வாய்ப்பு. அதை வாங்காமல் திருப்பி அனுப்புவது அந்த வாய்ப்பை நீங்களே கைவிடுவதுதான்.

நோட்டீஸ் வந்திருச்சுங்க. இப்ப என்ன பண்றது?

நான் பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். எல்லாம் அதிலேயே இருக்கிறது.

பல்லடம் பக்கம் தறிக்குடோன் வைத்திருந்த ஒருவர், தன்னிடம் தறி ஓட்டிய பையனுக்கு 2021-ல் ஓர் அடிதடி வழக்கில் ஜாமீன் நின்றார். ஆளுக்குப் பத்தாயிரம், இரண்டு ஜாமீன்தாரர்கள். இன்னொருவர் பக்கத்துக் குடோன்காரர். பையன் ஒரு வருடம் ஒழுங்காக வாய்தாவுக்குப் போனான். பிறகு தை மாதம் ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. மூன்று வாய்தா போயிற்று, பிடிவாரண்ட் ஆயிற்று. 2023-ல் இரண்டு பேருக்கும் நோட்டீஸ் வந்தது.

பக்கத்துக் குடோன்காரர், 'ஓடினது அவன், எனக்கென்ன' என்று போகவே இல்லை. அவர் மேல் முழுப் பத்தாயிரத்துக்கும் உத்தரவு ஆனது.

நம்மவர் வக்கீலோடு குறிப்பிட்ட தேதியில் போய் நின்றார். முதலில் நோட்டீஸையும் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வழக்கு எண் சரிதானா, கையெழுத்து அவருடையதுதானா, எந்தக் கோர்ட்டில் ஆஜராகச் சொல்லிப் பத்திரம், அந்தக் கோர்ட்டில்தான் ஆள் வராமல் இருந்தானா என்று. வழக்கு வேறு கோர்ட்டுக்கு மாறி, அந்தத் தேதி எதிரிக்கே தெரிவிக்கப்படாமல் போயிருந்தால் அதுவே நல்ல பதில். பத்திரத்தில் எழுதியிருப்பதைத் தாண்டி ஜாமீன்தாரரைப் பொறுப்பாக்க முடியாது. இங்கே அப்படி எதுவும் இல்லை, எல்லாம் சரியாக இருந்தது.

அப்புறம் எழுத்துப்பூர்வமாகப் பதில் போட்டோம். இவன் எப்போது வேலையை விட்டான் என்பதற்குச் சம்பள நோட்டு. இவர் கூப்பிட்டுப் பார்த்த எண்கள். பையனுடைய அம்மா இருக்கும் ஊர், மாமன் வீட்டு விலாசம். இந்த விவரங்களை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததற்கான ரசீது. இந்த ரசீதுதான் பிற்பாடு அதிகம் உதவியது. வாய்ச்சொல்லாக ஸ்டேஷனில் சொன்னதெல்லாம் கோர்ட்டில் கணக்கில் வராது. ஆளைக் கண்டுபிடித்து ஆஜர்படுத்த ஒரு மாத அவகாசமும் கேட்டோம். கிடைத்தது.

பையன் எடப்பாடியில் வேறொரு குடோனில் தறி ஓட்டிக்கொண்டிருந்தான். அம்மா மூலமாகப் பேசி, வக்கீல் வைத்து, அவனே கோர்ட்டில் சரணடைந்து வாரண்டை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டான். வாரண்ட் ரீகால் ஆனது. அதற்குப் பிறகு, இவர் எடுத்த முயற்சியைச் சொல்லி அபராதத்தைக் குறைக்கக் கேட்டோம். முழுவதும் தள்ளுபடி ஆகவில்லை. இரண்டாயிரம் கட்டச் சொன்னார் நீதிபதி. அதைக் கட்டியதும் அவர் பக்கம் முடிந்தது.

போகாமல் இருந்தவர் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு போட வேண்டி வந்தது. பையன் திரும்ப வந்துவிட்டதால் அவருக்கும் அங்கே கொஞ்சம் குறைந்தது. ஆனால் அலைச்சலும் வக்கீல் செலவும் சேர்த்தால், முதல் நாளே போயிருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு.

அவன்தான் திரும்ப வந்துட்டானே, அப்புறம் எதுக்கு நான் கட்டணும்?

பத்திரத்தின் நிபந்தனை உடைந்தது அவர் வராமல் போன நாளில். பிறகு வந்ததால் அந்த உடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் அபராதத்தின் ஒரு பகுதியை, காரணத்தைப் பதிவு செய்து, தள்ளுபடி செய்யும் அதிகாரம் கோர்ட்டுக்கு அதே 491-ல் இருக்கிறது. ஆள் சீக்கிரம் வந்தாரா, ஜாமீன்தாரர் முயற்சி எடுத்தாரா, அவருடைய வசதி என்ன என்பதையெல்லாம் பார்ப்பார்கள். குறைக்கும்படி நீங்கள் கேட்க வேண்டும். கேட்காமல் தானாகக் குறையாது.

அவர் வராததற்கே நியாயமான காரணம் இருந்தால் கதை வேறு. நான் பார்த்தவரை அடிக்கடி வருவது இதுதான்: எதிரி ஓடிப்போயிருக்க மாட்டார், வேறொரு வழக்கில் பிடிபட்டுக் கோவை மத்திய சிறையில் இருப்பார். இந்தக் கோர்ட்டுக்கு அது தெரியாது, வாரண்ட் பிறந்துவிடும். எந்தச் சிறை, எந்த வழக்கு, என்றைக்கு உள்ளே போனார் என்ற விவரத்தோடு கோர்ட்டில் தெரிவித்தால் அங்கிருந்தே வரவழைப்பார்கள். உள்ளே இருந்தவர் எப்படி வந்திருக்க முடியும்? அது போதுமான காரணம்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நிபந்தனை மீறப்பட்டுப் பத்திரம் ரத்தாகிவிட்டால் அவரைத் திரும்ப விடுவதற்குப் புதிய பத்திரமும் புதிய ஜாமீன்தாரரும் கேட்கலாம். 'பழைய கையெழுத்துத்தானே மாமா, இன்னொரு தடவை' என்று வந்து நிற்பார்கள். அது பழையதன் தொடர்ச்சி இல்லை. மறுபடியும் முதலிலிருந்து ஒரு பொறுப்பு. என் யோசனை கேட்டால், ஒரு முறை ஓடியவருக்கு அவருடைய ரத்த சொந்தம்தான் வந்து நிற்க வேண்டும்.

பணம் கட்டலீன்னா அவனுக்குப் பதிலா என்னைய ஜெயில்ல போட்ருவாங்களா? வீட்டுல அழுகறாங்க.

அவருடைய குற்றத்துக்காக உங்களை ஒருநாளும் உள்ளே போட முடியாது. வீட்டில் இதை முதலில் சொல்லுங்கள்.

நோட்டீஸுக்குப் போதுமான காரணமும் காட்டவில்லை, பணமும் கட்டவில்லை என்றால், அந்தத் தொகையை ஒரு தண்டனை அபராதத்தை வசூலிப்பது போல வசூலிக்கலாம். வண்டி போன்ற அசையும் பொருளை ஜப்தி செய்து விற்கலாம். இல்லையென்றால் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பி, நிலவரி பாக்கி வசூலிப்பது போல நிலம், வீட்டின் மேலும் போகலாம். இப்படியும் வசூல் ஆகவில்லை என்றால் கடைசியாக, கோர்ட் உத்தரவின் பேரில் ஆறு மாதம் வரை சிவில் சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய் விஷயம் அந்தக் கட்டம் வரை போக வேண்டுமென்றால், இடையில் வந்த ஒவ்வொரு தாளையும் ஒருவர் கண்டுகொள்ளாமல் விட்டிருக்க வேண்டும். மொத்தமாகக் கட்ட வசதியில்லை என்றால் அதையே மனுவில் சொல்லிக் குறைக்கவும் அவகாசம் கொடுக்கவும் கேளுங்கள்.

ஓடியவருக்கு ஆவது தனி. ஜாமீனில் வந்துவிட்டு ஆஜராகாமல் இருப்பதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 269-வது பிரிவில் ஒரு குற்றம். ஒரு வருடம் வரை தண்டனை உண்டு. பழைய வழக்கோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். அவர் வீட்டாரிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள், நிறையப் பேர் இதைக் கேட்டுத்தான் இறங்கி வருகிறார்கள்.

ஆள் இன்னும் வாய்தாவுக்குப் போயிட்டுத்தான் இருக்கான். ஆனா போக்கு சரியில்ல, எனக்கு நம்பிக்கை போச்சு. இப்பவே விலகிக்க முடியுமா?

முடியும். இது தெரியாமல்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 489-வது பிரிவில், ஜாமீன்தாரர் எப்போது வேண்டுமானாலும் தன் பத்திரத்தை விடுவிக்கச் சொல்லி மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுக் கொடுக்கலாம். எதிரியின் சம்மதம் தேவையில்லை, இன்னொரு ஜாமீன்தாரரும் சேர்ந்து வர வேண்டியதில்லை.

மனுக் கொடுத்ததும் கோர்ட் அவரை அழைத்துவர வாரண்ட் போடும். அவர் வந்ததும், அல்லது தானாகவே ஆஜரானதும், உங்கள் பத்திரத்தை விடுவித்துவிட்டு அவரிடம் வேறு ஜாமீன்தாரர் கேட்பார்கள். கொடுக்க முடியாவிட்டால் அவர் சிறைக்குப் போவார். சொந்தக்காரர் என்றால் இது கசப்பான விஷயம்தான். முன்கூட்டியே சொல்லி, மாற்று ஆளைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு, அடுத்த வாய்தா நாளிலேயே மனுவைப் போட்டால் வாரண்ட் போட வேண்டிய நிலையே வராமல் அன்றைக்கே ஆள் மாற்றிவிடலாம். இதையே நான் எப்போதும் சொல்வது.

மனுக் கொடுத்த நாளிலேயே பொறுப்பு போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஆஜராகி, கோர்ட் உத்தரவு போட்ட பிறகுதான் விடுதலை. அதனால் அவர் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. ஓடிய பிறகு இந்த மனுவால் பெரிய பலன் இல்லை.

முன்ஜாக்கிரதையா அவன்கிட்ட பத்தாயிரத்துக்குப் புரோநோட்டு எழுதி வாங்கிட்டேன். அது செல்லும்ல?

நம்ம பக்கம் கடன் என்றாலே புரோநோட்டுத்தான், அதனால் இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. ஆனால் இது செல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாமீன்தாரர் தன் பணம் போய்விடுமோ என்ற கவலையில் எதிரியின் மேல் ஒரு கண் வைத்திருப்பார் என்பதுதான் ஜாமீனின் அடிப்படையே. அந்த நஷ்டத்தை எதிரியே ஈடுகட்டிவிட்டால் உங்களுக்குக் கவலை எங்கே இருக்கும்? அதனால் அப்படிப்பட்ட ஒப்பந்தம் பொது நலனுக்கு விரோதமானது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவில் அடிபட்டுப் போகும். 1878-லேயே அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் இப்படி ஒன்று வந்தது. நன்னடத்தை ஜாமீனுக்காக ஒருவர் ஜாமீன்தாரரிடம் முன்பணமாகத் தொகையைக் கொடுத்துவைத்தார். பிறகு அதைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். ஒப்பந்தமே சட்டவிரோதம் என்று சொல்லி, பணத்தை மீட்கக் கோர்ட் உதவவில்லை. புரோநோட்டை நம்பிக் கையெழுத்துப் போடுவதைவிட, போடாமல் இருப்பது மேல்.

அவன் இருக்கற இடம் தெரியும். நாலு பேரோட போய்த் தூக்கிட்டு வந்து குடோன்ல வெச்சிருந்து வாய்தா அன்னிக்குக் கூட்டிட்டுப் போலாமா?

கூடவே கூடாது. ஒருவரை அடைத்து வைத்தால் நீங்கள் எதிரி ஆகிவிடுவீர்கள், உங்களுக்கு ஜாமீன்தாரர் தேட வேண்டிவரும். இருக்குமிடத்தை வாரண்ட் இருக்கும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த நகலைக் கோர்ட்டிலும் கொடுங்கள். பேசிப் புரியவைத்து அவராக வந்தால் அழைத்துப் போவதில் தவறில்லை.

ஈரோட்டுக்காரன் நான். கோயமுத்தூர் கோர்ட்டுல 'லோக்கல் ஆளு வேணும்'னு திருப்பி அனுப்பிட்டாங்க. இது சட்டமா?

வெளியூர்க்காரர் என்ற ஒரே காரணத்துக்காக ஜாமீன்தாரரைத் தள்ளச் சட்டத்தில் இடமில்லை. மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கில், வேறு மாவட்டத்து ஜாமீன்தாரரை மாஜிஸ்ட்ரேட் மறுத்ததை 1978-ல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். வக்கீலிடம் அந்தத் தீர்ப்பைக் காட்டி மறுபடியும் கேட்கச் சொல்லுங்கள். விலாசத்துக்கும் வசதிக்கும் ஆதாரம் பக்காவாக இருந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

எங்கப்பா ஒருத்தருக்கு ஜாமீன் நின்னிருந்தாரு. போன வருசம் அப்பா தவறிட்டாரு. இப்ப அந்த ஆளு ஓடிட்டான்னு வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருக்குது.

பத்திரம் பறிமுதல் ஆவதற்கு, அதாவது நிபந்தனை மீறப்பட்டது என்று கோர்ட் பதிவு செய்வதற்கு, முன்பே ஜாமீன்தாரர் இறந்துவிட்டால் அவருடைய சொத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று 491-லேயே தெளிவாக இருக்கிறது. அப்பா இறந்த தேதியையும், எதிரி முதன்முதலில் வராமல் போன தேதியையும், பறிமுதல் உத்தரவின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அப்பாவின் தேதி முந்தியது என்றால், இறப்புச் சான்றிதழின் நகலோடு ஒரு பதில் மனு போதும். ஆனால் அதைக் கோர்ட்டில் நேரில் கொடுத்து, நடவடிக்கை முடிக்கப்பட்டதற்கான உத்தரவின் நகலையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.